படமெடுத்து அனுப்பிய ஓய்வூதியக் கணக்கின் தற்போதைய மதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு தவணையாகப் பின்னோக்கிக் கொண்டுவரும் முழு வழிகாட்டி

ஓய்வூதியம், கடன் தவணை பற்றிய கேள்விகள் இப்போது பெரும்பாலும் புகைப்படமாகத்தான் கைக்கு வருகின்றன. யாரோ புத்தகத்தின் பக்கத்தையோ வினாத்தாளையோ செல்பேசியில் படமெடுத்து, "இதைப் போட்டுக் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இந்தக் கணக்கில் வரும் பெருக்கலும் வகுத்தலும் யாருக்கும் வரும். விடை தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டம்தான். முதல் தவணை எந்த நாளில் விழுகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், இல்லையென்றால் படத்தில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருப்பார்கள்.

அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, படத்தைப் படிப்பதிலிருந்து விடையைச் சோதிப்பது வரை பொறுமையாகப் போவோம். படத்தில் இருக்கும் கேள்வி இதுதான்:

"ஒருவருக்கு ஆண்டுக்கு 24,000 வீதம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் ஓய்வூதியம் வழங்கப்படும். முதல் தவணை இன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும். கூட்டு வட்டி ஆண்டுக்கு 8%. இந்த ஓய்வூதியத்தின் தற்போதைய மதிப்பு என்ன? (அ) 76,069 (ஆ) 82,155 (இ) 88,727 (ஈ) 95,825"

## முதலில் படத்தை எழுத்தாக்குங்கள்

படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். கேள்வியை ஒரு தாளில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதுதான் எந்த இடம் தெளிவாக இல்லை என்பது கண்ணில் படும்.

இந்த வகைக் கேள்வியில் நான்கு தகவல்கள் கட்டாயம் வேண்டும்: ஒரு தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை, முதல் தவணை எப்போது, வட்டி எவ்வளவு. வட்டி விஷயத்தில், அது எந்தக் கால இடைவெளிக்கு ஒருமுறை கூட்டப்படுகிறது என்பதும் சேர்த்தி. நான்கில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல புத்தகங்களில் வட்டி விகிதம் கேள்விக்குள் இருக்காது. "பின்வரும் கணக்குகளுக்கு வட்டி இவ்வளவு எனக் கொள்க" என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி இருக்கும். படமெடுத்தவர் அந்த வரியை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்திருப்பார். அப்போது நீங்களாக ஒரு விகிதத்தை ஊகிக்காமல் முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்குவதே சரி.

கண்ணை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. தசமப் புள்ளி வெளிச்சத்தில் மறைந்தால் 8.5 என்பது 85 ஆகத் தெரியும். 8½ என்பதில் உள்ள பின்னம் மங்கினால் வெறும் 8 மட்டும் மிஞ்சும். கையால் எழுதிய தாளில் 6, 8, 3 மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். பக்கம் வளைந்திருந்தால் அடுக்கெண் கீழே இறங்கி, 1.08^3 என்பது 1.083 போலக் காட்சி தரும். நம் கேள்வியில் 8% என்பதை ஒருவர் 6% என்று படித்துவிட்டால், மீதி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் 89,976 என்று வரும். கொடுத்த நான்கு விடைகளில் அது இல்லை. விடை எதனுடனும் பொருந்தாதபோது அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படத்தை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள்.

## காலக்கோடு போடுவதுதான் பாதிக் கணக்கு

ஒரு நேர்கோடு வரைந்து இடது ஓரத்தில் 0 என்று எழுதுங்கள். அதுதான் இன்று. வலப்பக்கம் 1, 2, 3 என்று 7 வரை குறியுங்கள். ஒவ்வொரு எண்ணும் அந்த ஆண்டு முடியும் நாளைக் குறிக்கிறது.

"முதல் தவணை இன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்து" என்றால் முதல் 24,000 எண் 3-இன் மேல் வரும். மொத்தம் ஐந்து தவணை என்பதால் 3, 4, 5, 6, 7 ஆகிய இடங்களில் 24,000 என்று எழுதுங்கள். எழுதியபின் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், ஐந்து இருக்கிறதா என்று. மூன்றோடு ஐந்தைக் கூட்டி 8 வரை போட்டு, ஆறு தவணை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும்.

இங்கேதான் கேள்வியின் சொற்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். "முதல் தவணை மூன்று ஆண்டுகள் கழித்து" என்பதும், "மூன்று ஆண்டுகள் ஒத்திவைக்கப்பட்டு, அதன்பின் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும்" என்பதும் வேறு வேறு. இரண்டாவது வாக்கியத்தில் காத்திருக்கும் காலமே மூன்று ஆண்டு. அது முடிந்து, அடுத்த ஆண்டின் முடிவில்தான் முதல் தவணை. அதாவது எண் 4-இல். இந்த ஓர் ஆண்டு வித்தியாசம் விடையை 82,155-இலிருந்து 76,069-க்கு இறக்கிவிடும். இரண்டுமே கொடுத்த விடைகளில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

அதேபோல் "ஆண்டின் தொடக்கத்தில்", "முன்கூட்டியே" என்ற சொற்கள் வந்தால் எல்லாத் தவணைகளும் ஓர் இடம் இடப்பக்கம் நகரும். கடன் தவணைகள் பெரும்பாலும் காலத்தின் முடிவில் வரும். வாடகை, காப்பீட்டுக் கட்டணம் போன்றவை தொடக்கத்தில் வரும். ஓய்வூதியம் இரண்டு விதமாகவும் வரும். ஆகவே பழக்கத்தை நம்பாமல் கேள்வியில் உள்ள சொல்லையே நம்புங்கள்.

## ஒவ்வொரு தவணையையும் இன்றைக்குக் கொண்டுவருதல்

இன்று 100 போட்டால் 8% வட்டியில் அடுத்த ஆண்டு 108 ஆகிறது. அப்படியென்றால் அடுத்த ஆண்டு வரப்போகும் 108-இன் இன்றைய மதிப்பு 100. வருங்காலத்துக்குப் போகும்போது 1.08-ஆல் பெருக்குகிறோம், திரும்பி வரும்போது 1.08-ஆல் வகுக்கிறோம். எத்தனை ஆண்டு தள்ளி இருக்கிறதோ அத்தனை முறை வகுக்க வேண்டும். இந்தக் கணக்கு முழுவதற்கும் இவ்வளவுதான் கோட்பாடு.

எண் 3-இல் இருக்கும் 24,000-ஐ மூன்று முறை 1.08-ஆல் வகுக்க வேண்டும். 1.08-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.259712. எனவே 24,000 ÷ 1.259712 = 19,051.97. மூன்று ஆண்டு கழித்து வரும் 24,000-ஐ இன்றே ஒரே தொகையாக வாங்கிக்கொள்வதானால் அதன் மதிப்பு இவ்வளவு.

அடுத்த தவணைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எல்லாத் தவணையும் ஒரே அளவு என்பதால், 19,051.97-ஐ இன்னொருமுறை 1.08-ஆல் வகுத்தால் எண் 4-இல் உள்ள தவணையின் மதிப்பு வந்துவிடும். கால்குலேட்டரில் விடையைத் துடைக்காமல் "÷ 1.08" என்று தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகலாம்.

| தவணை விழும் ஆண்டு | வகுக்கும் எண் | இன்றைய மதிப்பு |
|---|---|---|
| 3 | 1.259712 | 19,051.97 |
| 4 | 1.360489 | 17,640.72 |
| 5 | 1.469328 | 16,334.00 |
| 6 | 1.586874 | 15,124.07 |
| 7 | 1.713824 | 14,003.77 |
| கூட்டல் | | 82,154.53 |

விடை 82,154.53. முழு எண்ணாக்கினால் 82,155, அதாவது (ஆ).

அட்டவணையை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். கையில் வரும் தொகை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான். ஆனால் கடைசித் தவணையின் இன்றைய மதிப்பு 14,004 மட்டுமே. தள்ளிப்போகப் போக மதிப்பு சுருங்க வேண்டும், அதுவும் ஒரே விகிதத்தில். நடுவில் ஒரு வரி முந்தையதைவிடக் கூடியிருந்தால் அங்கே ஒரு பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருக்கிறது.

எத்தனை தசம இடம் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எப்போதும் வரும். 1 ÷ 1.259712 போன்ற காரணிகளை முதலில் கண்டுபிடித்து, அவற்றை இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் கூட்டினால் 3.42 வரும், விடை 82,080 ஆகும். 75 போல் குறைந்துவிட்டது. மூன்று தசமம் வைத்தால் 82,152. ஆறு தசமம் வைத்தால் இந்த அளவுத் தொகைக்குக் கவலையில்லை. வட்டிக் காரணியில் செய்யும் சிறு சுருக்கல் 24,000-ஆல் பெருக்கப்படும்போது பெரிதாகிறது. ஆகவே சுருக்குவதைக் கடைசி வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## சூத்திரம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?

ஐந்து தவணைக்கு ஒவ்வொன்றாகப் போடலாம், 240 மாதத் தவணைக்கு முடியுமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சூத்திரம்:

```
PV = A × (1 − (1 + i)^−n) / i
```

A என்பது ஒரு தவணை, i என்பது ஒரு காலத்துக்கான வட்டி, n என்பது தவணைகளின் எண்ணிக்கை. நம் எண்களைப் போட்டால் 24,000 × 3.992710 = 95,825.04. இது (ஈ) விடை! ஆனால் சரியான விடை அதுவல்லவே?

சூத்திரத்தைப் பலர் "இன்றைய மதிப்பு தரும் சூத்திரம்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது தருவது முதல் தவணைக்குச் சரியாக ஒரு காலம் முந்தைய நாளின் மதிப்பு. முதல் தவணை எண் 1-இல் இருந்தால் மட்டுமே அந்த நாள் இன்றாக இருக்கும். நம் கணக்கில் முதல் தவணை எண் 3-இல் இருக்கிறது. ஆகவே சூத்திரம் நம்மை எண் 2-இல் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இன்றைக்கு வர இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. 95,825.04-ஐ 1.08-ஆல் இரண்டு முறை வகுத்தால் 82,154.53. சரியாக அதே எண்.

மூன்று ஆண்டு காத்திருப்பு என்று பார்த்ததும் கை தானாக மூன்று முறை வகுக்கப் போகும். அப்படி வகுத்தால் 76,069 வரும், அது (அ). ஒரே ஒருமுறை மட்டும் வகுத்தால் 88,727, அது (இ). கேள்வி தயாரித்தவர் நான்கு விடைகளையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். காலக்கோட்டில் ஓரிரு இடம் வழுக்கினால் போய் விழும் இடங்கள்தான் மற்ற மூன்றும். ஆகவே "என் விடை பட்டியலில் இருக்கிறது" என்பது சரியாகச் செய்ததற்கு அத்தாட்சி ஆகாது.

கணினியின் விரிதாளில் செய்பவர்களுக்கும் இதே பொறி இருக்கிறது. PV சார்பு முதல் தவணை ஒரு காலம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். NPV சார்பு பட்டியலின் முதல் எண்ணையே ஓராண்டு பின்னோக்கிக் கொண்டுவரும். ஆகவே நம் கணக்கை இப்படி எழுத வேண்டும்:

```
=PV(0.08, 5, -24000) / 1.08^2
=NPV(0.08, 0, 0, 24000, 24000, 24000, 24000, 24000)
```

இரண்டாவது வரியில் உள்ள இரண்டு சுழிகள் எண் 1, எண் 2 ஆகிய வெற்று இடங்களுக்கானவை. அவற்றை விட்டால் மறுபடியும் 95,825 வந்து நிற்கும்.

## விடையை முன்னோக்கி ஓட்டிச் சோதியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விடையை யாரிடமும் கேட்காமல் நாமே உறுதிசெய்துகொள்ளலாம். 82,154.53-ஐ இன்று 8% வட்டியில் போட்டுவிட்டு, சொன்ன நாட்களில் 24,000 எடுத்துக்கொண்டே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை சரியென்றால் கடைசித் தவணை எடுத்ததும் கணக்கில் சுழி நிற்க வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டும் எடுப்பதில்லை. தொகை 88,726.89 ஆகி, பிறகு 95,825.04 ஆகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டியோடு 103,491.04. அதில் 24,000 எடுத்தால் 79,491.04 மீதி. நான்காம் ஆண்டு வட்டி சேர்த்து எடுத்தபின் 61,850.32. ஐந்தாம் ஆண்டு 42,798.35. ஆறாம் ஆண்டு 22,222.22. ஏழாம் ஆண்டில் இது வட்டியோடு 24,000.00 ஆகிறது. கடைசித் தவணையை எடுத்தால் மிச்சம் எதுவும் இல்லை.

கடன் கணக்கின் மீதிப் பட்டியலும் இதேதான். கடன் கொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர் இன்று கொடுக்கும் அசல்தான் வருங்காலத் தவணைகளின் தற்போதைய மதிப்பு.

முன்னோக்கி ஓட்ட நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. மொத்தத் தொகை 1,20,000. அது முழுவதும் தவணைகளின் நடு ஆண்டில், அதாவது எண் 5-இல், ஒரே நாளில் வருவதாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கொண்டுவாருங்கள். 1,20,000 ÷ 1.469328 = 81,670. சம தவணைகளுக்கு உண்மையான விடை எப்போதும் இதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். நம் விடை 82,155, பொருந்துகிறது. (அ) இதற்குக் கீழே இருக்கிறது. (இ), (ஈ) இரண்டும் வெகுதூரம் மேலே போய்விட்டன. தவணைகள் நீண்ட காலம் ஓடினாலோ வட்டி அதிகமாக இருந்தாலோ இந்த இடைவெளி பெரிதாகும். அப்போது "நடு ஆண்டுக் கணக்கைவிடக் கீழே போகக்கூடாது" என்ற ஒரு பக்கச் சோதனையாக மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

## மாதத் தவணைக் கடன் என்றால்

இங்கே கூடுதலாக ஒரே ஒரு விஷயம்தான்: வட்டியும் தவணையும் ஒரே காலத்தைப் பேச வேண்டும். மாதம் 2,000 வீதம் 12 தவணை, முதல் தவணை ஒரு மாதம் கழித்து, வட்டி ஆண்டுக்கு 12%, மாதந்தோறும் கூட்டப்படும் என்று கேள்வி சொன்னால் மாத வட்டி 1%. ஒவ்வொரு தவணையையும் 1.01-ஆல் உரிய முறை வகுத்துக் கூட்டினால் 22,510 வரும். அந்தக் கடனின் அசல் இதுதான்.

"மாதந்தோறும் கூட்டப்படும்" என்ற சொல் இல்லாமல், ஆண்டின் பயனுறு வட்டி 12% என்று கொடுத்திருந்தால் பன்னிரண்டால் வகுக்கக்கூடாது. ஓர் ஆண்டில் 1.12 ஆகும்படியான மாதக் காரணி வேண்டும், அதற்கு 1.12-இன் பன்னிரண்டாம் மூலம் எடுக்க வேண்டும். மாத வட்டி சுமார் 0.949% ஆகும், அசல் சுமார் 22,583. வித்தியாசம் 73 தான், ஆனால் விடைகள் நெருக்கமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது போதும் தவறாவதற்கு. படத்தில் மறைந்துபோன ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெரிய தவறு வேறொன்று. 12%-ஐ அப்படியே மாத வட்டியாகப் போட்டுவிட்டால் 12,389 வரும். மொத்தம் திருப்பிக் கட்டுவது 24,000, கடன் ஓடுவது ஒரே ஆண்டு. அசலே அதில் பாதிதான் என்றால் வட்டி எங்கேயோ கைமீறிவிட்டது என்று உடனே தெரிய வேண்டும்.

## சூத்திரம் கைவிடும் இடத்தில்

ஓய்வூதியம் ஆண்டுதோறும் 3% கூடும் என்று கேள்வி சொன்னால் மேலே கண்ட சூத்திரம் செல்லாது, ஏனென்றால் அது சம தவணைகளுக்கானது. ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் முறைக்கு இதில் சிரமமே இல்லை. காலக்கோட்டில் 24,000-க்கு அடுத்து 24,720, அதற்கடுத்து 25,461.60 என்று எழுதிக்கொண்டு, அதே வகுக்கும் எண்களால் வகுத்துக் கூட்டினால் முடிந்தது. இரண்டாம் தவணை 24,720 ÷ 1.360489 = 18,169.94. நடுவில் ஒரு தவணை விட்டுப்போனாலும், கடைசித் தவணை மட்டும் பெரிதாக இருந்தாலும் இதே வழிதான்.

"வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம்" என்று வந்தால் மட்டும் வட்டி ஒன்றை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது. தவணை எத்தனை என்பதே உறுதியில்லை. அப்போது ஒவ்வொரு தவணையையும் வட்டிக்காக வகுப்பதோடு, அந்த நாளில் அவர் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பாலும் பெருக்க வேண்டும். அந்த எண்கள் இறப்பு விகித அட்டவணையிலிருந்து வரும். கேள்வியில் அந்த அட்டவணையோ குறிப்பிட்ட ஆண்டுகளோ இல்லையென்றால், படமெடுத்தவரிடம் அடுத்த பக்கத்தையும் கேளுங்கள்.